உங்களுக்குத் தெரியாமல் கணக்கில் பணம் போய்விட்டதா? முதல் மூன்று வேலை நாளில் செய்ய வேண்டியவை

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் அக்கா இருக்கிறார். போன வருடம் ஒரு சனிக்கிழமை விடிகாலை 5.40-க்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனை எடுத்திருக்கிறார். முந்தைய நாள் இரவு 11.52-க்கும் 11.54-க்கும் வங்கியிலிருந்து இரண்டு எஸ்எம்எஸ் வந்து கிடந்தன. முதலில் ₹18,400, அடுத்து ₹9,200. இரண்டும் அவருடைய டெபிட் கார்டில், பெயர் கேள்விப்படாத ஏதோ ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் செலவானதாகச் சொன்னன. கார்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. ஓடிபி எதுவும் வரவில்லை, யாரும் போன் செய்து எதையும் கேட்கவும் இல்லை.

5.50-க்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். வங்கிக் கவுன்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் தெருவில் இப்படி எது நடந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். "தம்பி, இன்னைக்கு ரெண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. திங்கட்கிழமை போய்ச் சொன்னாப் போதுமா?" என்று கேட்டார். போதாது என்றேன். அந்த 27,600 ரூபாயும் அவருக்கு முழுதாகத் திரும்பி வந்தது. அதற்கு அன்று காலை ஒரு மணி நேரத்தில் என்னென்ன செய்தோம், எதையெல்லாம் எடுத்து வைத்தோம் என்பதை அவருடைய கதையை வைத்தே சொல்கிறேன்.

யார் தலையில் நஷ்டம் விழும்?

2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் நஷ்டத்தை யார் எவ்வளவு ஏற்க வேண்டும் என்பதை அதுதான் வகுத்தது. அதே வருடம் டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே மாதிரி விதிகள் வந்தன. உங்கள் வங்கியும் இதையொட்டி ஒரு கொள்கை வைத்திருக்கும். அதை வங்கியின் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். ரிசர்வ் வங்கி இந்த விதிகளை அவ்வப்போது திருத்தும் என்பதால், புகார் எழுதும் அன்று அந்தக் கொள்கையை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

விதியின் அடிப்படை, தவறு யாருடையது என்பதுதான். தவறு வங்கியுடையது என்றால், அதாவது வங்கி ஊழியரின் மோசடி, கவனக்குறைவு, வங்கியின் அமைப்பில் ஓட்டை இப்படி ஏதாவது என்றால், உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதுகூட அங்கே கணக்கில் வராது.

தவறு உங்களுடையது என்றால், அதாவது ஓடிபியையோ பின்னையோ நீங்களே யாரிடமாவது சொல்லிவிட்டீர்கள் என்றால், வங்கியிடம் தெரிவிக்கும் நிமிடம் வரை போன பணம் முழுக்க உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் நஷ்டம். "நான்தானே ஏமாந்தேன், எந்த முகத்தோடு போய்ச் சொல்வது" என்று கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொன்ன நேரம் பதிவாகிவிட்டால், அதற்கு அப்புறம் கணக்கில் நடப்பதற்கு வங்கிதான் பொறுப்பு.

மூன்றாவது வகைதான் அக்காவுக்கு நடந்தது. தவறு அவரிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை. நடுவில் எங்கோ கார்டு விவரம் கசிந்திருக்கிறது. நாள் கணக்கு முக்கியமாவது இங்கேதான். வங்கியிலிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் தெரிவித்தால் உங்கள் நஷ்டம் பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் நஷ்டம். ஏழும் தாண்டிவிட்டால், வங்கியின் இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான்.

அந்த வரம்பு சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ₹10,000. குறைந்தபட்ச இருப்பே தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்றால் ₹5,000. ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு ₹10,000, அதற்கு மேல் லிமிட் உள்ள கார்டுக்கு ₹25,000. பலரும் கவனிக்காத ஒன்று, இந்த வரம்பு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனி. போன தொகை, வரம்பு, இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் நஷ்டம்.

அக்கா ஒரு வாரம் யோசித்துவிட்டு நான்காவது வேலை நாளில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் பரிவர்த்தனை ₹18,400. வரம்பு ₹10,000 என்பதால் பத்தாயிரம் அவர் நஷ்டம். இரண்டாவது ₹9,200, வரம்பை விடக் குறைவு என்பதால் அது முழுக்க அவர் நஷ்டம். ஆக ₹19,200 போயிருக்கும், வெறும் ₹8,400 திரும்பியிருக்கும்.

நாளை எப்படி எண்ணுவது?

தகவல் வந்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். உங்கள் கணக்கு உள்ள கிளைக்கு எது வேலை நாளோ அதுதான் கணக்கு. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளும் ஞாயிறும் அரசு விடுமுறையும் சேராது. முதல், மூன்றாவது சனிக்கிழமைகள் வேலை நாள்தான். மாதத்தில் ஐந்தாவது சனிக்கிழமை வந்தால் அதுவும் வேலை நாள்தான்.

அக்காவுக்கு எஸ்எம்எஸ் வந்தது வெள்ளி இரவு. சனி விடுமுறை, ஞாயிறு விடுமுறை. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. புதன் வரை நேரம் இருந்தது என்பது உண்மைதான். இருந்தாலும் அந்தக் கணக்கை நம்பி உட்காராதீர்கள். அவர் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்தது சனிக்கிழமை, ஆனால் எண்ணிக்கை அது வந்த நேரத்தை வைத்துத்தான் தொடங்குகிறது. தவிர, திருடியவன் கையில் கார்டு விவரம் இருக்கும்வரை மூன்றாவது, நான்காவது பரிவர்த்தனையும் நடக்கும்.

வங்கி விடுமுறை என்பது புகாருக்குத் தடையே இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் புகார் வாங்க இணையதளம், போன், எஸ்எம்எஸ், மின்னஞ்சல் எனப் பல வழிகளை வங்கி திறந்து வைத்திருக்க வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. புகார் வந்ததும் புகார் எண்ணோடு பதில் அனுப்ப வேண்டும். எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்த நேரம், உங்கள் பதில் வந்த நேரம் இரண்டையும் தன் அமைப்பில் பதிந்து வைக்கவும் வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

வங்கியின் ஆப்பில் கார்டை முடக்கினோம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் திரையிலேயே காரணமும் தெரிந்தது. வெளிநாட்டுப் பயன்பாடு 'ஆன்' ஆக இருந்தது. மகனுக்கு ஒரு வெளிநாட்டுத் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்காகச் சில மாதம் முன்பு திறந்துவிட்டு மூடாமல் விட்டிருக்கிறார். இந்தியாவுக்குள் கார்டில் ஆன்லைனாகப் பணம் கட்ட ஓடிபி கேட்கும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்க மூன்று இலக்கம் இருந்தாலே போதும். ஓடிபி வராமல் பணம் போனது அப்படித்தான்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கார்டை முடக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கார்டை முடக்குவது வேறு, "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்று தெரிவிப்பது வேறு. கார்டு தொலைந்தாலும் முடக்குவோம், புதுக் கார்டு வேண்டும் என்றாலும் முடக்குவோம். மூன்று நாள் கணக்கு நிற்பது நீங்கள் பரிவர்த்தனையை மறுத்துத் தெரிவிக்கும்போதுதான். கவுன்டரில் இருந்த காலத்தில், "அன்னைக்கே பிளாக் பண்ணிட்டேனே சார்" என்று இரண்டு வாரம் கழித்து வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். புகார் எண் கேட்டால் இருக்காது. மனசு கஷ்டமாக இருக்கும்.

அதனால் அடுத்து வங்கிக்குப் போன். எண்ணைக் கார்டின் பின்புறத்திலிருந்தோ, வங்கியின் சொந்த ஆப்பிலிருந்தோ எடுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி எடுக்காதீர்கள். போலி எண்கள் அங்கே நிறைய உண்டு, பதறிப்போய் இருப்பவர்களைத்தான் அவர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். உங்கள் வங்கி பின்னையோ ஓடிபியையோ ஒருபோதும் கேட்காது.

போனில் தொகை, தேதி, நேரம் மூன்றையும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனியாகச் சொன்னோம். இரண்டு பரிவர்த்தனை இருந்தால் இரண்டும் புகாரில் ஏறியதா என்று திரும்பக் கேளுங்கள். ஒன்றை மட்டும் பதிந்துவிட்டு அடுத்தது விட்டுப்போவது சகஜமாக நடக்கும். அப்புறம், புகாரை எந்த வகையில் பதிகிறார்கள் என்றும் கேளுங்கள். 'பணம் போனது, பொருள் வரவில்லை' என்பது கடைக்காரரோடு உள்ள தகராறு. 'ஏடிஎம்மில் பணம் வரவில்லை' என்பது தோல்வியடைந்த பரிவர்த்தனை. உங்களுடையது 'அனுமதியில்லாத பரிவர்த்தனை' அல்லது 'மோசடி' என்ற வகையில் ஏற வேண்டும். வகை மாறினால் புகார் வேறு மேசைக்குப் போய்விடும், திரும்பி வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

6.20-க்குப் புகார் எண் கிடைத்தது. பால் பாக்கெட் அட்டையின் பின்பக்கம் எழுதினார் அக்கா. நான் உடனே அதையும் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன்.

அடுத்து 1930. இது மத்திய உள்துறையின் சைபர் குற்ற உதவி எண். இங்கே சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லி அந்த வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் கை மாறுவதற்குள் பிடித்தால் பிழைக்கும். அங்கே கொடுக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்றே cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் பதிந்து, ஒப்புகையைப் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். 1930-ல் சொல்லிவிட்டோம் என்று வங்கிப் புகாரை விட்டுவிடக் கூடாது. மூன்று நாள் கணக்குக்கு வங்கியிடம் தெரிவித்ததற்கான சொந்த ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

யுபிஐயில் நீங்களே ஏமாந்து பின் போட்டு அனுப்பிய பணம் என்றால், 1930-தான் முதல் போன். வங்கிகள் அதைப் பெரும்பாலும் வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றே எடுத்துக்கொள்ளும், பூஜ்ய நஷ்டம் எளிதில் கிடைக்காது. அங்கே பணத்தைப் பிடிப்பதற்கான வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

எழுத்தில் ஒரு புகார்

போனில் சொன்னது வங்கியின் பதிவில் இருக்கும், உங்கள் கையில் இருக்காது. அதனால் அன்றைக்கே பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சலிலிருந்து வங்கியின் புகார் முகவரிக்கும் கிளைக்கும் எழுதினோம். நீளமாக எழுத வேண்டாம். அக்கா அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

> பொருள்: நான் செய்யாத இரண்டு டெபிட் கார்டு பரிவர்த்தனைகள்
>
> என் சேமிப்புக் கணக்கிலிருந்து (கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும்) நேற்று இரவு 11.52-க்கு ₹18,400, 11.54-க்கு ₹9,200 ஆக மொத்தம் ₹27,600 எடுக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்தது. இந்த இரண்டையும் நான் செய்யவில்லை, யாருக்கும் அனுமதியும் கொடுக்கவில்லை. கார்டு என்னிடமே உள்ளது. கார்டு விவரம், பின், ஓடிபி எதையும் யாரிடமும் பகிரவில்லை. இந்தப் பரிவர்த்தனைகளுக்கு எனக்கு ஓடிபி எதுவும் வரவில்லை.
>
> இன்று காலை 5.55-க்குக் கார்டை முடக்கினேன். 6.20-க்குத் தொலைபேசியில் தெரிவித்தேன், புகார் எண் இது. 1930-ல் பதிந்த எண் இது.
>
> ரிசர்வ் வங்கியின் 06.07.2017 சுற்றறிக்கையின்படி மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்திருப்பதால், தொகையை 10 வேலை நாளுக்குள் என் கணக்கில் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

முழுக் கார்டு எண்ணை, பின்பக்க இலக்கத்தை மின்னஞ்சலில் எழுதாதீர்கள், வங்கிக்கு அது தேவையில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஓடிபி சொல்லியிருந்தால் சொல்லவில்லை என்று எழுதக் கூடாது. வங்கியிடம் பதிவு இருக்கும், ஒரு பொய் வெளிப்பட்டால் உண்மையாக இருந்த மற்றதும் எடுபடாது.

திங்கட்கிழமை காலை அதே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனார். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு சீல், கையெழுத்து வாங்க வேண்டும். அங்கே இருந்த அதிகாரி, "எஃப்ஐஆர் காப்பி கொண்டு வாங்க, அப்புறம் எடுத்துக்கறோம்" என்றாராம். இது பல கிளைகளில் கேட்கும் வசனம். எஃப்ஐஆர் பின்னால் உதவும், அதை வாங்குவது நல்லதுதான். ஆனால் தெரிவிப்பதற்கு அது நிபந்தனை என்று சுற்றறிக்கை சொல்லவில்லை. எஃப்ஐஆருக்கு அலைந்து மூன்று நாளைத் தொலைத்தவர்கள் உண்டு. "புகார் ஏற்கெனவே பதிவாகிவிட்டது சார், இது எழுத்தில் கொடுக்கிறேன், சீல் மட்டும் போட்டுக் கொடுங்க" என்று அக்கா புகார் எண்ணைக் காட்டினார். சீல் விழுந்தது. யாராவது சீல் போட மறுத்தால் சண்டை போட வேண்டாம். வெளியே வந்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள், அந்த ரசீதே சாட்சி.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் நம் ஊரில் முதலில் சிஎஸ்ஆர் ரசீது கொடுப்பார்கள். அதையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

எதையெல்லாம் எடுத்து வைப்பது?

எல்லாவற்றிலும் முக்கியம் அந்த எஸ்எம்எஸ். மூன்று நாள் கணக்கு அதில்தான் தொடங்குகிறது, அதனால் அழிக்கவே கூடாது. வெறுமனே செய்தியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது. அனுப்பியவர் பெயர் மேலே தெரிய வேண்டும், தேதியும் நேரமும் தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் செய்தியை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால், அனுப்பிய நேரமும் வந்து சேர்ந்த நேரமும் தனித்தனியாகக் காட்டும். போன் இரவு முழுக்க அணைந்திருந்தால் இரண்டுக்கும் பல மணி நேரம் வித்தியாசம் இருக்கும். சில சமயம் அந்த வித்தியாசத்திலேயே ஒரு நாள் கூடும் அல்லது குறையும். அந்தத் திரையையும் எடுத்து வையுங்கள்.

ஓடிபி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. சில போன்களில் ஓடிபி செய்திகளை ஒரு நாளில் தானாக அழித்துவிடும் வசதி இருக்கிறது. இடத்தை மிச்சம் பிடிக்க எப்போதோ அதை இயக்கியிருப்போம், மறந்திருப்போம். பின்னால் வங்கி "ஓடிபி அனுப்பினோம்" என்று சொன்னால், "வரவில்லை" என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. அதை உடனே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு, பணம் போன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வந்த எல்லா எஸ்எம்எஸ்களையும் வரிசையாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'ஸ்பாம்' பெட்டியையும் திறந்து பாருங்கள். ஓடிபி அங்கே போய் விழுந்திருந்தால் அதுவும் உண்மையைச் சொல்லும்.

கணக்கு அறிக்கையைப் பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். பரிவர்த்தனை எண்ணும் கடையின் பெயரும் எஸ்எம்எஸ்ஸை விட அதில் முழுதாக இருக்கும். வங்கிக்குப் போன் செய்த அழைப்பு வரலாறு ஒரு ஸ்கிரீன்ஷாட், நேரமும் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பதும் தெரிய வேண்டும். மின்னஞ்சலை அச்சிடும்போது தேதி, நேரம், யாருக்குப் போனது என்ற மேல்பகுதியோடு அச்சிடுங்கள். வங்கியிலிருந்து தானாக வரும் 'உங்கள் புகார் பெறப்பட்டது' என்ற பதிலும் ஆதாரம்தான், குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதும் சில வழக்குகளில் தேவைப்படும். வேறு ஊர் ஏடிஎம்மில் பணம் எடுக்கப்பட்டிருந்தால் பஸ் டிக்கெட், அலுவலக வருகைப் பதிவு எதுவும் உதவும். அப்படியான வழக்கில் அந்த ஏடிஎம்மின் கேமரா பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பழைய பதிவுகள் அழிந்துபோகும். திடீரென்று போனில் சிக்னலே இல்லாமல் போய், அதற்குப் பிறகு பணம் போயிருந்தால், யாராவது உங்கள் பெயரில் வேறு சிம் வாங்கியிருக்கலாம். சிக்னல் போன நேரத்தைக் குறித்து, மொபைல் நிறுவனத்தில் புகார் கொடுத்து அந்த எண்ணையும் வாங்குங்கள்.

பயத்தில் போனை 'ரீசெட்' செய்துவிடாதீர்கள். யாரோ அனுப்பிய ஆப்பை நிறுவிய பிறகு பணம் போயிருந்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு, அந்த ஆப்பின் பெயரையும் அது வந்த செய்தியையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ரீசெட் செய்தால் எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்து போய்விடும்.

இத்தனையும் ஒரு கோப்பில் தேதி வரிசையில் வைத்து, மேலே ஒரு தாளில் நேரவாரியாக எழுதச் சொன்னேன். "வெள்ளி 11.52 எஸ்எம்எஸ். சனி 5.40 பார்த்தேன். 5.55 முடக்கினேன். 6.20 புகார் எண்" என்று. பின்னால் வங்கியில் யார் கேட்டாலும் அந்த ஒரு தாளை நீட்டினால் போதுமாக இருந்தது.

பணம் வந்த பிறகும் வேலை இருக்கிறது

தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். இன்சூரன்ஸ் பணம் வரட்டும் என்று அது காத்திருக்கக் கூடாது. பணம் போன தேதியிலேயே திரும்பி வந்ததாகக் கணக்கிட்டு வரவு வைக்க வேண்டும், அதனால் இடைப்பட்ட வட்டியும் குறையாது. அக்கா சனிக்கிழமை தெரிவித்தார். திங்களிலிருந்து எண்ணினால் முதல் வாரம் மூன்றாவது சனி உட்பட ஆறு நாள், அடுத்த வாரம் வியாழன் பத்தாவது நாள். புதன்கிழமை மாலையே ₹27,600 ஏறிவிட்டது.

இது தற்காலிக வரவு என்பதை மறக்கக் கூடாது. விசாரித்து, தவறு உங்களுடையது என்று வங்கி முடிவு செய்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். புகார் கிடைத்து 90 நாளுக்குள் அந்த முடிவை எடுத்தாக வேண்டும். எடுக்க முடியவில்லை என்றால் விதியில் சொன்ன தொகையை உங்களுக்குத் தந்தாக வேண்டும். அதுவரை அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருங்கள் என்றுதான் அக்காவிடம் சொன்னேன்.

நாற்பது நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பரிவர்த்தனைகள் முறையான சரிபார்ப்போடு நடந்தவை, எனவே வாடிக்கையாளரே பொறுப்பு என்று இரண்டே வரி. அக்கா அன்று அழுதுவிட்டார். இந்த மின்னஞ்சலோடு விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஆனால் சுற்றறிக்கையில் ஒரு வாசகம் இருக்கிறது: வாடிக்கையாளர் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமை வங்கியுடையது. "நான் செய்யவில்லை" என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, நீங்கள் செய்ததாக அவர்கள்தான் காட்ட வேண்டும்.

பதிலில் மூன்று கேள்விகள் மட்டும் கேட்டோம். என்ன சரிபார்ப்பு நடந்தது? ஓடிபி என்றால் எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள், அது போய்ச் சேர்ந்ததற்கான பதிவு எங்கே? நான் கவனக்குறைவாக இருந்தேன் என்பதற்கு என்ன ஆதாரம்? அதோடு அன்றிரவு 11 மணி முதல் 1 மணி வரையான எஸ்எம்எஸ் வரிசையை இணைத்தோம். அதில் அந்த இரண்டு பற்றுச் செய்திகளும் ஒரு ரீசார்ஜ் விளம்பரமும் தவிர வேறு எதுவும் இல்லை. மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஓடிபி இல்லாமல் நடந்த வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று ஒப்புக்கொண்டு, வரவு நிரந்தரமாக்கப்பட்டது.

வங்கி இறங்கி வராவிட்டால் நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. அசாமில் ஒரு வாடிக்கையாளர் இழந்த 94,204 ரூபாய்க்கு பாரத ஸ்டேட் வங்கிதான் பொறுப்பு என்று கவுகாத்தி உயர் நீதிமன்றம் சொன்னது. வங்கி மேல்முறையீட்டுக்குப் போனபோது 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த வாடிக்கையாளர் 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குத் தெரிவித்திருந்ததை நீதிபதிகள் குறிப்பிட்டார்கள்.

பெரும்பாலோருக்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்காது. வங்கி மறுத்துவிட்டால், அல்லது புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் நீங்களே பதியலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். முதலில் வங்கியிடம் புகார் கொடுத்திருக்க வேண்டும், அதன் நகலையும் வங்கியின் பதிலையும் அங்கே இணைக்க வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வங்கியின் பதில் கைக்கு வந்தால் நாள் கடத்தாமல் பதிந்துவிடுங்கள், இதற்கும் காலக்கெடு உண்டு. உங்கள் கோப்பில் மேலே இருக்கும் அந்த ஒரு தாளை முதல் இணைப்பாகப் போடுங்கள்.

அக்காவுக்குப் புதுக் கார்டு வந்தது. கவரைப் பிரித்ததும் ஆப்பைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிட்டு, ஆன்லைன் செலவுக்கு ஒரு நாளைக்கு ₹5,000 என்று வரம்பு வைத்தார். கோப்பு இன்னும் பீரோவில், பழைய கார்டு இருந்த அதே தட்டில் இருக்கிறது.